கவிதையை வீடியோவாக்கும்போது வரிக்கு ஒரு ஷாட் வேண்டாம்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணைப் பற்றி, அவள் மகள் சொல்வதுபோல நான்கு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

கூடை நிறையச் சிவப்பு
கொட்டி அளந்த பிறகு
வீட்டுக்கு வந்தது
அம்மாவின் கை மட்டும்

இதை ஒரு நிமிட வீடியோவாக்க உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது இதுதான்: பழம் நிறைந்த கூடை, தராசு, வீட்டு வாசல், கையின் க்ளோஸப். காதில் விழுந்ததையே கண்ணுக்கும் காட்டுகிறோம். இதில் அதிகம் அடிபடுவது கடைசி வரி. ‘அம்மாவின் கை’ என்று கேட்டதும் அவரவருக்குத் தெரிந்த ஒரு கை மனதில் வரும். திரையில் இன்னொருவர் கை வந்தால் அது கலைந்துவிடும்.

கையைக் காட்டாமல், கை தொட்டதைக் காட்டலாம். பழுத்த காப்பிப் பழத்தை நசுக்கினால் இனிப்பான பிசின் கசியும். நாள் முழுக்கப் பறித்தவர் கை பிசுபிசுவென்று இருக்கும். அம்மா தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரில், விரல் பட்ட இடத்தில் ஓர் எறும்பு ஊர்கிறது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கவிதையில் டம்ளரும் இல்லை, எறும்பும் இல்லை. ஆனாலும் இரண்டும் அந்தக் கையிலிருந்து வந்தவைதான்.

இதற்கு எல்லை உண்டு. எடை போடுகிறவர் ஏமாற்றுவதாக ஒரு காட்சி சேர்த்தால் விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அது வேறு கவிதை. இந்த வரிகள் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. கவிதையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளிலிருந்து கிளம்பாத காட்சியை எழுதவே வேண்டாம்.

அப்புறம், எல்லாவற்றையும் படத்தின் தலையில் கட்டுவதும் தவறு. ‘கொட்டி அளந்த’ என்ற வரிக்குப் பழம் கொட்டும் சத்தமே போதும். அப்போது திரையில் வரிசையில் நிற்கும் கால்கள் இருக்கலாம். ஸ்கிரிப்ட் தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஒலி என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சொல் வந்தால் ஒன்றை அடித்துவிடலாம்.

இந்த நான்கு வரிகளை நிதானமாக வாசித்தாலும் பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும். மீதி நேரத்தை நிரப்பத்தான் பலர் ஏரியையும் பனிமூட்டத்தையும் லேடீஸ் சீட் என்ற மலைமுனையிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகளையும் சேர்க்கிறார்கள். அது சுற்றுலா வந்தவரின் பார்வை. இங்கே பேசுவது தோட்டத்து மகள். டம்ளர் ஷாட்டுக்குப் பத்து விநாடி மௌனம் கொடுங்கள், கடைசி வரி அதற்குப் பிறகு வரட்டும்.

படப்பிடிப்பு நாளும் ஸ்கிரிப்டிலேயே இருக்க வேண்டும். காப்பி மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்து, பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழுக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்கு வந்த கையோடு எடுத்துவிடலாம் என்று போனால், செடியில் இருப்பது சின்னச் சின்னப் பச்சைக் காய்கள்தான்.