வாட்ஸ்அப் ஆர்டர்: "அனுப்புங்க" என்றவர் பணம் கட்டும் வரை

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக் காபித்தூளும் மிளகும் வாட்ஸ்அப்பில் விற்கிறேன். விலை கேட்டு, "சரி, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் பணம் கட்டும் இடத்தில் நின்றுபோகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அவர்கள் மனம் மாறியதால் அல்ல, நாம் அனுப்பும் விவரத்தில் ஏதோ ஒன்று தடுப்பதால்தான். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் வியாபாரத்துக்கான யுபிஐ கணக்கும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் மொத்தத் தொகை, அப்புறம்தான் இணைப்பு

பொருளின் விலையை இப்போதும் கூரியர் செலவைப் பிறகும் சொன்னால், அந்த இடைவெளியிலேயே பாதிப்பேர் போய்விடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே செய்தியில் போடுங்கள்:

```
ஆர்டர் 114
காபித்தூள் ½ கிலோ (80:20, ஃபில்டர்) ₹450
மிளகு 100 கிராம் ₹110
கூரியர், சென்னை ₹70
மொத்தம் ₹630
சரியா அக்கா? "ஓகே" போடுங்க.
```

சிக்கரி அளவும் அரைப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு "நான் ப்யூர் காபி கேட்டேனே" என்று வந்தால் தூளைத் திரும்ப வாங்கி ஒன்றும் செய்ய முடியாது. "ஓகே" வந்ததும் அந்த உரையாடலுக்கு Pending payment லேபிள் போட்டுவிடுங்கள்.

என்னை அதிகம் சுற்றவிட்ட இடம்

தொகையோடு சேர்ந்த யுபிஐ இணைப்பு இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=ungalid@bank&pn=Kaapi%20Kadai&am=630.00&cu=INR&tn=114
```

pa உங்கள் யுபிஐ ஐடி, am தொகை, tn குறிப்பு. குறிப்பில் ஆர்டர் எண்ணைப் போட்டால் எந்தப் பணம் யாருடையது என்று பிறகு தேட வேண்டாம். ஆனால் இதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நீல நிறமாக மாறாது, தொட்டாலும் திறக்காது. https போன்ற இணையதள முகவரிகளைத்தான் வாட்ஸ்அப் இணைப்பாக மாற்றுகிறது, upi என்று தொடங்குவதை மாற்றாது. வாங்குபவரோ நாம் ஏதோ குறியீட்டை அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்து மூடிவிடுவார். சுருக்கு முகவரி செய்து தருகிற தளங்கள் வழியாகப் போனால், மோசடி இணைப்போ என்ற பயம்தான் வரும்.

நான் செய்வது இதுதான். அந்த வரியையே கியூஆர் படமாக மாற்றி அனுப்புகிறேன். அடுத்த செய்தியில் யுபிஐ ஐடியை மட்டும், வேறு ஒரு எழுத்தும் இல்லாமல், தனியாக அனுப்புகிறேன். காரணம், பலர் ஒரே ஃபோனில்தான் பேசுகிறார்கள், அதே ஃபோனில்தான் பணமும் கட்டுகிறார்கள். தன் திரையில் இருக்கும் கியூஆரைத் தானே ஸ்கேன் செய்ய முடியாது. படத்தைச் சேமித்து, பணம் செலுத்தும் செயலிக்குள் கேலரியில் இருந்து எடுக்க வேண்டும். அது பழகாதவர்கள், தனியாக வந்த ஐடி செய்தியை அழுத்திப் பிடித்து Copy கொடுத்தால் முழுதும் நகலாகிவிடும். "எங்க யுபிஐ ஐடி இது:" என்று முன்னால் எழுதினால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, ஐடி தவறு என்று காட்டும்.

பெரிய தொகை என்றால் பேமென்ட் கேட்வே தரும் https இணைப்பே நல்லது. அதற்குக் கட்டணம் பிடிப்பார்கள். ஆனால் யார் கட்டினார் என்பது தானாகப் பதிவாகிவிடும். தினம் ஓரிரு ஆர்டர் பார்க்கிறவர்களுக்கு அது தேவையில்லை.

பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள்

பணம் அனுப்பும் திரையில் இப்போது வங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான் தெரியும். 2025 ஜூன் மாத இறுதிக்குள் எல்லாச் செயலிகளும் இப்படி மாற வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருந்தது. கடைப் பெயரை எதிர்பார்த்தவர், அங்கே உங்கள் அப்பா பெயரையோ மனைவி பெயரையோ பார்த்தால் தயங்கி வெளியே வந்துவிடுவார். கியூஆருக்குக் கீழேயே அந்தப் பெயரைப் போட்டு, "பணம் போடும்போது இந்தப் பெயர் வரும், அது எங்க கணக்குதான்" என்று எழுதிவிடுங்கள். நான் சேர்த்ததில் அதிகம் பலன் தந்த வரி இதுதான்.

பணம் வந்ததா?

ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். அதில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணும் தொகையும் உங்கள் வங்கிக் கணக்கில் தெரிய வேண்டும். தெரிந்ததும் Paid லேபிள் போட்டு, "₹630 வந்துவிட்டது அக்கா, நாளைக்கு அனுப்பிடுவோம்" என்று உடனே பதில் போடுங்கள். நான் சரக்கு எடுக்க ஏற்காடு ஏறும் நாளில், கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் "மதியம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற தானியங்கிப் பதிலைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுவேன்.

பின்சேர்க்கை: படித்த சிலர், "அவங்க கணக்கில் பணம் போயிருச்சு, எனக்கு வரல, என்ன சொல்வது?" என்று கேட்டிருந்தார்கள். மறுபடி கட்டச் சொல்லாதீர்கள். முதலில் கொஞ்ச நேரம் பாருங்கள். பல நேரம் தாமதமாக வந்துவிடும். கடைக்காரர் கணக்கில் சேராத பணம், ரிசர்வ் வங்கி விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் வங்கி நாளொன்றுக்கு ₹100 ஈடு தர வேண்டும். இதை அவரிடம் சொல்லி, யுடிஆர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருளைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும் சொல்லுங்கள்.