இடிதாங்கிக்குத் தனி எர்த்: நிலைமின்னியலில் விலை கூடிய தவறு

மின்னும்போது மரத்தடியில் ஒதுங்காதே, ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம். பள்ளி ஆய்வகத்துச் சீப்பில் தொடங்கி மொட்டைமாடிக் கம்பி வரை, புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

எண்ணெய்த் தலையில் சீப்பை உரசுவது

காகிதத் துணுக்கு ஒட்டாது. எண்ணெய் இல்லாத காய்ந்த முடி வேண்டும். கடலோர ஊர்களில் அதுவும் போதாது. காற்றின் ஈரம் சீப்பின் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்து, ஏறிய மின்னூட்டத்தை ஒழுகவிட்டுவிடும். பி.வி.சி. குழாயையும் கம்பளித் துணியையும் பத்து நிமிடம் வெயிலில் காயவைத்துவிட்டு உரசிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

"உராய்வு மின்சாரத்தை உண்டாக்குகிறது" என்பது

உண்டாக்குவதில்லை, பிரிக்கிறது. கம்பளியிலிருந்து எலக்ட்ரான்கள் குழாய்க்குப் போகின்றன. குழாய் எவ்வளவு எதிர்மின்னூட்டம் பெற்றதோ அவ்வளவு நேர்மின்னூட்டம் கம்பளியில் நிற்கும். குழாயை மட்டும் சோதித்துவிட்டுக் கம்பளியைக் கீழே போடுகிறவர்கள் பாதிப் பாடத்தைத் தவறவிடுகிறார்கள்.

விரலுக்கு முன் குழாயை எடுப்பது

மின்தூண்டல் சோதனை பொய்க்க இதுதான் முதல் காரணம். உரசிய பி.வி.சி. குழாயைத் தங்க இலை நிலைமின்காட்டியின் தட்டுக்கு அருகே, தொடாமல் கொண்டுவருகிறோம். தட்டில் உள்ள எலக்ட்ரான்கள் விலகிக் கீழே இலைகளுக்கு ஓடும், இலைகள் விரியும். குழாய் அப்படியே இருக்க, தட்டை விரலால் தொட்டால் அந்த எலக்ட்ரான்கள் உடல் வழியே தரைக்கு இறங்கும், இலைகள் மூடிக்கொள்ளும். இப்போது முதலில் விரலை எடுக்க வேண்டும், பிறகுதான் குழாயை. இலைகள் மீண்டும் விரியும், இம்முறை நேர்மின்னூட்டத்தோடு. வரிசை மாறிக் குழாய் முதலில் போய்விட்டால், இறங்கிய எலக்ட்ரான்கள் விரல் வழியே திரும்பி ஏறிவிடும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. சரியாகச் செய்தோமா என்று பார்க்க, அதே குழாயை மறுபடி அருகே கொண்டுபோங்கள். விரிந்த இலைகள் கொஞ்சம் சுருங்கினால் சரி.

இதே சோதனைதான் வானத்தில் நடக்கிறது. மேகத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது, அது குழாய். கீழே நிற்கும் கட்டடம் தட்டு. தரையோடு உள்ள தொடர்பு விரல்.

"இடிதாங்கியின் கூர்முனை மேகத்தை வெறுமையாக்கிவிடும்" என்பது

இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினே முதலில் இப்படித்தான் நம்பினார். கணக்கு ஒத்துழைக்காது. ஒரு மின்னல் இறக்கும் மின்னூட்டம் சுமார் 20 கூலும். கூர்முனையிலிருந்து கசியும் மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால், அந்த 20 கூலும் கசிய 20 லட்சம் விநாடி, அதாவது 23 நாள் ஆகும். மேகம் அதைச் சில நிமிடங்களுக்குள் திரும்பச் சேர்த்துவிடும்.

இடிதாங்கி மின்னலைத் தடுப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. மேகத்திலிருந்து இறங்கும் மின்பாதை நெருங்கும்போது, தூண்டப்பட்ட எதிரெதிர் மின்னூட்டத்தால் உயரமான முனையிலிருந்து ஒரு மின்கீற்று மேலே எழுந்து அதைச் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பு கைப்பிடிச்சுவரின் மூலையில் நடக்காமல் கம்பியின் நுனியில் நடக்க வேண்டும், பிறகு தரை வரை தடையில்லாமல் இறங்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

தரைக்குப் போகாத உலோகத்தை இடிதாங்கி என்பது

கோபுரக் கலசங்கள் இடிதாங்கிகள் என்ற செய்தி ஆண்டுதோறும் கைபேசிகளில் சுற்றுகிறது. கலசத்திலிருந்து தரை வரை உலோகப் பட்டை இறங்காவிட்டால் அது மின்னலை வாங்கிச் செங்கல்லிடம் கொடுக்கும். செங்கல்லில் உள்ள ஈரம் நொடியில் ஆவியாகிச் சுதையைப் பெயர்த்தெறியும். 1753-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற இயற்பியலாளர் கூரைக் கம்பியைத் தன் அறைக்குள் இருந்த மின்னளவிக்குக் கொண்டுவந்தார். அளப்பதற்காக அதைத் தரையோடு இணைக்கவில்லை. மின்னல் அவர் வழியே இறங்கியது, உயிர் போயிற்று.

இடிதாங்கிக்குத் தனி எர்த், கரண்டுக்குத் தனி எர்த்

எரிச்சலூட்டும் தவறு இதுதான். வேலை சுத்தமாக இருக்கும், பட்டை நேராக இறங்கியிருக்கும், குழியில் உப்பும் கரியும் போட்டிருப்பார்கள். ஆனால் இ.பி. எர்த் குழி எட்டு மீட்டர் தள்ளி, எந்தத் தொடர்பும் இல்லாமல் கிடக்கும். கேட்டால், "ரெண்டையும் சேர்த்தா இடி வீட்டுக்குள்ள வந்துடும் சார்" என்பார்கள். உண்மை நேர்மாறானது. சேர்க்காவிட்டால்தான் உள்ளே வரும்.

நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடிதாங்கிக் குழியின் தடை 10 ஓம், நல்ல குழிதான். மின்னல் 30,000 ஆம்பியர், இதுவும் சராசரிதான். பெருக்கினால் 3 லட்சம் வோல்ட். அந்த மைக்ரோ விநாடிகளில் இறங்கும் பட்டை முழுவதும் 3 லட்சம் வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. எட்டு மீட்டர் தள்ளியுள்ள இ.பி. எர்த் அதில் பெரும்பகுதி அளவுக்குக் கீழே நிற்கிறது. வீட்டின் ஒவ்வொரு மூன்று பின் பிளக்கும் அந்த இ.பி. எர்த்தில்தான் இருக்கிறது.

இப்போது மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். இடிதாங்கிக் கம்பி அதில்தான் நட்டிருக்கிறது, அதே சட்டத்தில் ஒரு சிசிடிவி கேமராவும் போல்ட் போட்டிருக்கிறது. கேமராவின் கேபிள் கீழ்த்தளத்து டி.வி.ஆர். பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டி இ.பி. எர்த்தில். ஆக, இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள ஒரே இணைப்பு அந்தக் கேபிள். லட்சக்கணக்கான வோல்ட் அதன் வழியே சமனாகப் பார்க்கும். மறுநாள் கேமராவும் பெட்டியின் போர்ட்டுகளும் கருகியிருக்கும், மெயின் போர்டில் பிரேக்கர் விழுந்திருக்காது. கேபிள் இல்லாவிட்டாலும் அது சுவரைத் தாண்டி ஒயரிங் குழாய்க்கோ தண்ணீர்க் குழாய்க்கோ பாயும்.

தீர்வு, எல்லாவற்றையும் சேர்ந்தே உயரவிடுவது. இரண்டு குழிகளையும் 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டையால் அரை மீட்டர் ஆழத்தில் இணைக்க வேண்டும். அங்கிருந்து மெயின் போர்டு எர்த் பாருக்குக் குறைந்தது 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி. இரும்புத் தண்ணீர்க் குழாய், லிஃப்ட் தண்டவாளம், தூண் கம்பி எல்லாம் அதே பாரில். மின்னல் விழும்போது வீடே 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். ஆனால் உள்ளே ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. உயரழுத்தக் கம்பியில் உட்கார்ந்த காக்கையின் நிலைமைதான்.

ஒன்று பாக்கி. வெளியிலிருந்து வரும் இ.பி. லைனும் கேபிளும் தெருவின் மின்னழுத்தத்தோடுதான் வரும், வீட்டோடு உயராது. அவை நுழையும் இடத்தில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் டைப் 1 சர்ஜ் அரெஸ்டர் போட்டு எர்த் பாரோடு இணைக்க வேண்டும். அதன் ஒயர்கள் எல்லாம் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். மின்னல் ஏறும் வேகத்தில் ஒரு மீட்டர் ஒயரே பத்தாயிரம் வோல்ட்டைத் தாங்கி நிற்கும், அது அப்படியே கருவிகள் மேல் விழும்.

சன்ஷேடைச் சுற்றிப் பட்டையை மடிப்பது

அதே காரணம். மின்னல் மடிப்பைக் குறுக்கே தாண்டும். நேராக இறக்குங்கள்.

"நூறு மீட்டர் பாதுகாக்கும்" கம்பி வாங்குவது

மின்னல் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62305 தரநிலை கம்பியின் உண்மையான நீளத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும், விளம்பரம் சொல்லும் தூரத்தை அல்ல.

எர்த் தடையை ஐப்பசியில் அளப்பது

மழையில் ஊறிய மண் நல்ல எண்ணைக் காட்டும். சித்திரையில் அளந்து 10 ஓமுக்குள் வந்தால்தான் கணக்கு. அளக்கும் முன் அந்தக் குழியை மற்றவற்றோடு இணைக்கும் பட்டைகளிலுள்ள டெஸ்ட் ஜாயிண்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் அளந்தால் மற்றக் குழிகளும் தூண் கம்பிகளும் சேர்ந்து 1 ஓம் என்று காட்டும், அரித்துப்போன குழி தெரியவே தெரியாது. கழற்றியதை வானம் இருட்டுவதற்குள் திரும்ப மாட்டி, போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்குங்கள்.