சுகரும் டிபியும் சேர்ந்து வந்தா: ஆறு மாசமும் ஒரே சுகர் மாத்திரைன்னு இருந்துடாதீங்க

சுகர் இருக்கறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு அதிகம்னு இப்ப நிறைய பேருக்கு தெரியும். ஆனா டிபி வந்த பிறகு அந்த ஆறு மாச ட்ரீட்மென்ட்ல சுகர் எப்படி ஏறும், எப்ப இறங்கும்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல. டிபி மாத்திரையை ஒரு பக்கம் வாங்குறோம், சுகர் சீட்டு பழசே ஓடிட்டு இருக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்குதுன்னு தெரியாமயே பாதி தூரம் போயிடுறோம். பெரும்பாலான தவறு இங்கதான் நடக்குது.

ஒரு ஆளை வச்சு பாப்போம். உதாரணத்துக்கு சொல்றதுதான், ஆனா நடக்கறது ஏறக்குறைய இப்படித்தான். வயசு 54, ஒன்பது வருஷமா சுகர், கிளிக்லசைடு 80 மி.கி ரெண்டு வேளை, மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை. ரெண்டு மாசத்துல 58 கிலோலேர்ந்து 51 கிலோவுக்கு இறங்கிட்டார், உடம்பு அசதி, மூணு வாரமா லேசா இருமல். ராத்திரி வியர்வை இல்ல, ரத்தமும் வரல. மூணு மாச சராசரி சுகர், அதாவது HbA1c, 8.9 சதவீதம்.

முதல் தவறு, எடை குறையறதை சுகர் கணக்குல எழுதறது. 8.9ன்னு பாத்ததும் "சுகர் ஏறி இருக்கு, அதான் மெலியறீங்க"ன்னு டோஸை கூட்டி அனுப்பிடுவாங்க. எடை குறையறது, அசதி, அடிக்கடி ஏதாவது இன்ஃபெக்‌ஷன் எல்லாம் ரெண்டு நோய்க்கும் பொதுவான அறிகுறிதான், அதனாலதான் ஒண்ணு இன்னொண்ணை மறைக்குது. சுகர் இருக்கறவர் காரணம் இல்லாம மெலிஞ்சாலும் சரி, நல்லா இருந்த சுகர் திடீர்னு கட்டுக்கு அடங்காம போனாலும் சரி, இருமல் லேசா இருந்தாக்கூட சளி டெஸ்ட் எடுத்துடணும். இன்ஃபெக்‌ஷனே சுகரை ஏத்தும், ஏறின சுகர் கிருமியை எதிர்க்கற செல்களோட வேலையை மெதுவாக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூண்டிவிட்டுக்கிட்டே இருக்கும்.

அடுத்தது எக்ஸ்ரே. டிபின்னா நுரையீரலோட மேல்பகுதியில தெரியும்னு எல்லாருக்கும் மனசுல பதிஞ்சிருக்கு. சுகர் சரியா இல்லாதவங்களுக்கு கீழ்ப்பகுதியிலயும் வரலாம், குழி விழுறதும் அதிகம். நம்ம ஆளுக்கு வலது பக்கம் கீழ ஒரு நிழல், அதுக்குள்ள சின்ன குழி. நிமோனியான்னு சொல்லி லெவோஃப்ளாக்சசின் ஏழு நாள் குடுத்தாங்க, இருமல் கொஞ்சம் அடங்குச்சு, எல்லாரும் நிம்மதியானாங்க. ஆனா அந்த மருந்து டிபி கிருமியையும் ஓரளவு அடிக்கும், முழுசா அழிக்காது, அதனால நோய் போன மாதிரி காட்டிட்டு சில வாரத்துல திரும்பி வரும், இதுக்குள்ள டிபின்னு கண்டுபிடிக்கறது தள்ளிப்போயிடும். இதே மருந்து சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு சுகரை ஏத்தவோ இறக்கவோ செய்யும்ங்கறது தனி தலைவலி. ஆன்ட்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சளியை எடுத்து மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தா டிபி கிருமியும் தெரியும், டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா இல்லையான்னும் தெரியும்.

சரி, டிபின்னு தெரிஞ்சுது, ரிஃபாம்பிசின் வேலை செய்யும்னு வந்துது, முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் ரெண்டு அல்லது மூணு மருந்துன்னு ஆரம்பிச்சாச்சு. முக்கியமான விஷயம் இனிமேதான். ரிஃபாம்பிசின் நம்ம ஈரல்ல மருந்துகளை உடைக்கிற என்சைம்களை தூண்டிவிடும். சில நாள்லயே தொடங்கி ஒண்ணு ரெண்டு வாரத்துல முழு வேகத்துக்கு வந்துடும். கிளிக்லசைடு ரத்தத்துல இருக்கற அளவு பாதிக்கும் கீழ போயிடும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, ரெபாகிளினைடு, பயோகிளிட்டசோன் மாதிரி மத்த சுகர் மாத்திரைகளும் குறையும். மெட்ஃபார்மினை இது பெருசா கெடுக்காது, இன்சுலினை உடைக்கறது இந்த என்சைம்களே இல்ல, அதனால அதுக்கு பாதிப்பு இல்ல.

நம்ம ஆளுக்கு மூணாவது வாரம் காலை சுகர் 190லேர்ந்து 260 ஆச்சு. வீட்ல எல்லாரும் சாப்பாட்டை குறை சொல்றாங்க, அவரும் பயந்துபோய் ஒரு வேளை சாப்பாட்டையே விட்டுட்டார். எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கற இடம் இதுதான். அவர் ஒரு தப்பும் பண்ணல, மாத்திரை உடம்புல நிக்கவே இல்ல. டிபியில மெலிஞ்ச உடம்பு திரும்ப எடை போடணும், அந்த நேரத்துல பட்டினி கிடந்து சுகரை இறக்கறது ரெண்டு நோய்க்கும் கெடுதல். அளவை பிரிச்சு சாப்பிடலாம், புரதம் கூட்டலாம், மொத்த சாப்பாட்டை வெட்டக்கூடாது.

இந்த இடத்துல ரெண்டு வழி இருக்கு. கிளிக்லசைடை ரெண்டு மடங்கு ஆக்கறது ஒண்ணு. கொஞ்ச நாள் வேலை செய்யற மாதிரி இருக்கும், ஆனா அதோட ஆபத்து ஆறாவது மாசம் முடியும்போது வரும், அதை பின்னாடி சொல்றேன். இன்னொண்ணு, கிளிக்லசைடை நிறுத்தி, மெட்ஃபார்மினை வச்சுக்கிட்டு, ராத்திரி நீண்ட நேரம் வேலை செய்யற இன்சுலின் சேர்க்கறது. டாக்டர் 10 யூனிட்ல ஆரம்பிச்சு, காலை சுகர் பாத்து மூணு நாளைக்கு ஒரு தடவை 2 யூனிட் கூட்டினார், 22 யூனிட் வந்தப்ப காலை அளவு 150க்கு வந்துது. இன்சுலின் போட்டா வாழ்நாள் பூரா விட முடியாதுன்னு பயந்து வேண்டாம்னு சொல்றவங்க நிறைய பேர், இங்க அது பெரும்பாலும் சில மாசத்துக்குத்தான்.

எதுவரைக்கும் இறக்கணும்? டிபி ட்ரீட்மென்ட் நடக்கும்போது பொதுவா காலைல வெறும் வயித்துல 180க்கு கீழ, மூணு மாச சராசரி 8க்கு கீழன்னு வச்சுக்கறாங்க. 6.5க்கு கொண்டுவரேன்னு அடம்பிடிச்சா லோ சுகர்தான் மிஞ்சும், ஏன்னா வாந்தி, பசியின்மை எல்லாம் டிபி மருந்தோடயே வரும். டிபி மாத்திரையை வெறும் வயித்துல போட்டு குமட்டல் வந்து காலை சாப்பாடு தள்ளிப்போகும், ஆனா சுகர் மாத்திரையை வழக்கமான நேரத்துக்கு போட்டுட்டா பத்து மணிக்கு கை நடுங்கும். சாப்பாடு கண்ணு முன்னாடி இருந்தா மட்டும்தான் அந்த மாதிரி மாத்திரை போடணும். எடையை குறைக்கற, சிறுநீர் வழியா சுகரை வெளியேத்துற மாத்திரைகள் சாப்பிட்டுட்டு இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும், பசி இல்லாத உடம்புல கீட்டோன்ங்கற அமிலம் சேர்ற ஆபத்து உண்டு. இன்னொண்ணு, மூணு மாச சராசரி டெஸ்ட் மெதுவாத்தான் நகரும், ரத்தசோகை இருந்தா தப்பாவும் காட்டும், அதனால வாராவாரம் டோஸ் மாத்தறதுக்கு விரல்ல குத்தி பாக்கற மீட்டர்தான் வேணும்.

ரெண்டாவது மாசம் முடியும்போது சளியில இன்னும் கிருமி தெரிஞ்சுது. சுகர் இருக்கறவங்களுக்கு சளி சுத்தமாக நேரம் அதிகம் ஆகலாம், திரும்ப டிபி வர்றதும் இறப்பும் மத்தவங்களை விட அதிகம்னு பல ஆய்வுகள்ல வந்திருக்கு. ஆனா இங்க "சுகர்தான் காரணம்"னு கடந்து போறதும் தவறு, உடனே பயந்து மருந்தை மாத்தறதும் தவறு. மாத்திரை விடாம போட்டாரா, எடைக்கேத்த டோஸா, கிருமி மருந்துக்கு கட்டுப்படாம போற ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சான்னு வரிசையா பாக்கணும், சளியில உள்ள கிருமியை வளர்த்து பாக்கற கல்ச்சர் டெஸ்ட் போடணும், ஏன்னா சளியில தெரியறது செத்த கிருமியாவும் இருக்கலாம். மரபணு டெஸ்ட்டும் செத்த கிருமியை காட்டும், அதனால அதை குணமாச்சான்னு பாக்க வைக்கக்கூடாது, ரெசிஸ்டன்ஸ் பாக்க வைக்கலாம். எடைன்னு சொன்னேனே, 51 கிலோவுக்கு குடுத்த டோஸ் 58க்கு போனதும் பத்தாம போகலாம், மாசாமாசம் எடை பாத்து சொல்லணும்.

சுகர் கட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு குழி குறைவு, சளி சீக்கிரம் சுத்தமாகுதுங்கறது நிறைய ஆய்வுகள்ல தெரிஞ்ச போக்கு. ஆனா அதெல்லாம் பெரும்பாலும் நோயாளிகளை பின்தொடர்ந்து பாத்த ஆய்வுகள், அதை வச்சு சுகர்தான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது. அதனால சுகரை சரி பண்ணா மட்டும் டிபி போயிடும்னு நினைச்சு டிபி மாத்திரையை ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க.

நடுவுல ஒரு சின்ன விஷயம்: பாதத்துல எரிச்சல், மரத்துப்போறது வந்தா "சுகர்னாலதான்"னு விட்டுடுவாங்க. டிபி மருந்துல ஒண்ணான ஐசோனியசிடும் நரம்பை பாதிக்கும், அதனால சுகர் இருக்கறவங்களுக்கு பிரிடாக்சின், அதாவது பி6, பொதுவா தினம் 10லேர்ந்து 25 மி.கி ஆரம்பத்துலேர்ந்தே சேர்க்கறது வழக்கம். சீட்டுல அது இருக்கான்னு பாருங்க. இன்னொரு டிபி மருந்தான எத்தம்பியூட்டால் போடும்போது பார்வை மங்கினா அதையும் சுகர் கண்ணுன்னு எடுத்துக்காம அன்னிக்கே சொல்லணும்.

மூணாவது நாலாவது மாசத்துல கதை திரும்பும். ஜுரம் போச்சு, பசி வந்துச்சு, இன்ஃபெக்‌ஷன் அடங்கினதுனால உடம்புல இன்சுலின் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சுது. 22 யூனிட்லயே இருந்த நம்ம ஆளுக்கு ஒரு விடியற்காலை 68ன்னு வந்துது, வியர்த்து எழுந்தார். டோஸ் 16 ஆச்சு, அப்புறம் 10. ஏறும்போது வாரம் ரெண்டு தடவை பாத்தவங்க, இறங்கும்போது "நல்லாத்தானே இருக்கு"ன்னு மீட்டரை உள்ள வச்சுடுறாங்க, அதுதான் ஆபத்து. டிபி நேரத்துல புதுசா சுகர்னு சொல்லப்பட்டவங்களும் இன்ஃபெக்‌ஷன் அடங்கின பிறகு ரெண்டு மூணு மாசத்துல திரும்ப டெஸ்ட் எடுக்கணும், சிலருக்கு அளவு இயல்புக்கு வந்துடும்.

முன்னாடி சொன்ன கடைசி ஆபத்து இதுதான். ஆறாவது மாசம் ரிஃபாம்பிசின் நிறுத்தினா ஈரலோட அந்த வேகம் ஏறக்குறைய ரெண்டு வாரத்துல அடங்கும். இதுவரைக்கும் பாதியா இருந்த மாத்திரை அளவு அப்ப முழுசா ரத்தத்துல ஏறும். கிளிக்லசைடை ரெண்டு மடங்கு ஆக்கி வச்சிருந்தவர், டிபி முடிஞ்சுதுங்கற சந்தோஷத்துல அதே டோஸை போட்டுட்டு இருந்தா இந்த ரெண்டு வாரத்துல லோ சுகர்ல விழுவார், அதுவும் ராத்திரியில. அதனால கடைசி டிபி மாத்திரை போடுற தேதியை சுகர் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க, கூட்டின மாத்திரையை எந்த அளவுக்கு, எந்த நாள்லேர்ந்து குறைக்கறதுன்னு அப்பவே எழுதி வாங்குங்க, அடுத்த மூணு வாரம் காலைலயும் படுக்கறதுக்கு முன்னாடியும் மீட்டர்ல பாருங்க. நம்ம ஆள் 8 யூனிட் இன்சுலின்ல முடிச்சார், ரெண்டு வாரம் கழிச்சு அதை நிறுத்திட்டு கிளிக்லசைடை பழைய அளவுல இல்லாம 40 மி.கி ஒரு வேளைன்னு திரும்ப தொடங்கினாங்க.