மஞ்சளும் நீலமும் கலந்து இலைப்பச்சை: அளவு பிடிக்கும் முறை

250 கிராம் எடையுள்ள வெள்ளைப் பருத்தித் துப்பட்டாவுக்கு நமக்குப் பிடித்த இலைப்பச்சையை ஏற்றப் போகிறோம். கடையில் 'கோல்டு (Cold) பிராண்டு ரியாக்டிவ் சாயம்' என்று கேட்டால் சூடாக்காத தண்ணீரிலேயே பிடிக்கும் சாயம் கிடைக்கும். மஞ்சள், நீலம் இரண்டையும் இந்த ஒரே வகையில் வாங்குங்கள். வகை மாறினால் ஒன்று முந்திப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று தண்ணீரோடு போய்விடும். போட்ட கணக்கு துணியில் நிற்காது.

முதலில் கரைசல். மூக்கை மூடிக்கொண்டு, கையுறையோடு 6 கிராம் மஞ்சளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு மொத்தம் 600 மி.லி. வரும்படி தண்ணீர் விடுங்கள். அதேபோல 2 கிராம் நீலத்தை 200 மி.லி. ஆக்குங்கள். இனி 100 மி.லி. கரைசலில் 1 கிராம் சாயம் இருக்கும். சிட்டிகைத் தூளைத் தராசில் நிறுப்பதைவிட, சிரிஞ்சில் மி.லி. அளப்பது எளிது, துல்லியமும் கூட.

அடுத்து இரண்டு கணக்குகள். இவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அழுத்தமான நிறம் என்பது ஒன்று: துணியின் எடையில் 2 சதவீதம் சாயம் போட்டால் நல்ல நடுத்தர நிறம் வரும். எந்தப் பச்சை என்பது இன்னொன்று: அது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதம். நிறம் வெளிறி இருக்கிறதே என்று நீலத்தை மட்டும் கூட்டினால் பச்சையே மாறிவிடும். அப்போது இரண்டையும் ஒரே விகிதத்தில் கூட்ட வேண்டும்.

சரி, இப்போது மாதிரி. கஞ்சி போகத் துவைத்த அதே ரகத் துணியில் 10 கிராம் துண்டுகள் நான்கு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0.2 கிராம் சாயம், அதாவது 20 மி.லி. கரைசல் தேவை. சரிபாதியில் தொடங்க வேண்டாம். நீலம் மஞ்சளை எளிதில் அமுக்கிவிடும். மஞ்சள், நீலம் என்ற வரிசையில் 18:2, 16:4, 14:6, 12:8 என்று கலந்து பாருங்கள்.

ஒவ்வொரு கலவையிலும் 180 மி.லி. தண்ணீரும் 10 கிராம் உப்பும் சேர்த்து, நனைத்த துண்டைப் போட்டுக் கிளறுங்கள். இருபது நிமிடம் கழித்து, 4 கிராம் சோடா ஆஷைத் தனியே கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறிவிடுங்கள். சோடாவைக் கரைசல் பாட்டிலில் மட்டும் கலந்துவிடாதீர்கள். துணியைப் பிடிக்க வேண்டிய சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் வீணாகிவிடும்.

அலசி, சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காய்ந்த பிறகுதான் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாமே அழுத்தமாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 18:2 ரொம்ப மஞ்சளாகவும் 16:4 கொஞ்சம் கருத்தும் தெரிந்தால், 17:3 என்று இன்னொரு துண்டு போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம் துப்பட்டா. 250 கிராமில் 2 சதவீதம் 5 கிராம், அதாவது 500 மி.லி. கரைசல். அதை 20 பங்காக்கினால் ஒரு பங்கு 25 மி.லி. மஞ்சள் 17 பங்கு 425 மி.லி., நீலம் 3 பங்கு 75 மி.லி. மற்றவையும் மாதிரியின் 25 மடங்குதான்: கரைசலோடு சேர்த்து மொத்தம் 5 லிட்டர் தண்ணீர், 250 கிராம் உப்பு, 100 கிராம் சோடா ஆஷ். தண்ணீரை இஷ்டத்துக்குக் கூட்டினால் சாயம் துணியில் ஏறுவது குறைந்து, மாதிரியைவிட வெளிறிப்போகும்.