சோடியம் ஏன் பெரிது, குளோரின் ஏன் சிறிது: மனப்பாடம் இல்லாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாகர்கோவிலில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் "தொடரில் இடமிருந்து வலம் போனால் அணு ஆரம் குறையும்" என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஏன் குறைகிறது என்றால் பேச்சு நின்றுவிடும். எலக்ட்ரான் கூடக்கூட அணு பெருக்கத்தானே வேண்டும்? நியாயமான சந்தேகம்தான். ஒரு தாளை எடுங்கள், கணக்கில் இறங்குவோம்.

முதல் படி: எலக்ட்ரான்களைக் கூடுவாரியாக எழுதுங்கள். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7.

இரண்டாம் படி: வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளுங்கள். அணுக்கருவின் இழுப்பு அதற்கு முழுதாக வந்து சேர்வதில்லை. நடுவில் நிற்கும் எலக்ட்ரான்கள் மறைக்கின்றன. இதுதான் திரைமறைப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைத் தென்னைகள் காற்றை நன்றாகத் தடுக்கும்; நமக்குப் பக்கத்தில் அதே வரிசையில் நிற்கும் தென்னை அவ்வளவாகத் தடுக்காது.

மூன்றாம் படி: அந்த மறைப்புக்கு இயற்பியலாளர் ஸ்லேட்டர் 1930-இல் மதிப்புக் கொடுத்தார். நம் எலக்ட்ரான் இருக்கும் அதே கூட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 0.35, அடுத்த உள்கூட்டுக்கு 0.85, அதற்கும் உள்ளே இருப்பவற்றுக்கு 1. புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து இந்த மறைப்பைக் கழித்தால், நம் எலக்ட்ரானை உண்மையில் இழுக்கும் மின்சுமை கிடைக்கும்.

```
Na: 11 − (8×0.85 + 2×1) = 2.2
Cl: 17 − (6×0.35 + 8×0.85 + 2×1) = 6.1
```

புரோட்டான் ஆறு கூடியது, மறைப்போ 2.1 மட்டுமே கூடியது. மீதி இழுப்பு முழுவதும் வெளிக்கூட்டை உள்ளே இறுக்குகிறது. சோடியத்தின் ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரினுக்கு 99 என்பது இப்போது தானாக வந்துவிடுகிறது.

இங்கே பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு: மற்ற எலக்ட்ரான் எல்லாவற்றுக்கும் 1 வீதம் கழித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் சோடியத்துக்கும் 1, குளோரினுக்கும் 1 என்றே வரும். எல்லாத் தனிமத்துக்கும் ஒரே விடை வந்தால், அதே கூட்டின் 0.35-ஐ மறந்திருக்கிறீர்கள்.

நான்காம் படி: பொட்டாசியத்துக்குப் போடுங்கள். 19 − 16.8, அதே 2.2. ஆனால் அயனியாக்கும் ஆற்றல் சோடியத்துக்கு 496 கிலோஜூல், பொட்டாசியத்துக்கு 419. இழுக்கும் மின்சுமை ஒன்றுதான். எலக்ட்ரான் மூன்றாம் கூட்டைவிட்டு நான்காம் கூட்டுக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆகவே தொகுதியில் கீழே இறங்கும்போது மின்சுமையை மட்டும் பார்க்காதீர்கள், கூட்டின் எண்ணையும் பாருங்கள்.

இனி நம்ம ஊர் மணலுக்கு வருவோம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு பிடி அள்ளினால் கறுப்பாக மினுங்குவது இல்மனைட். அதனிடையே தேன்நிறத்தில் சிதறிக் கிடக்கும் மோனசைட்டில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் கலந்தே இருக்கும். லாந்தனைடு வரிசையில் புதிதாகச் சேரும் எலக்ட்ரான்கள் உள்ளே இருக்கும் 4f ஆர்பிட்டாலுக்குப் போகின்றன. அந்த ஆர்பிட்டால் மறைப்பதில் மிக மோசம். அதனால் ஒவ்வொரு புரோட்டான் கூடும்போதும் அயனி கொஞ்சம் சுருங்கிக்கொண்டே போகிறது: La³⁺ 103 பிக்கோமீட்டர், Lu³⁺ 86. பதினான்கு படி இறங்கியும் மொத்தச் சுருக்கம் 17 மட்டுமே. பக்கத்துப் பக்கத்து அயனிகள் அளவில் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால்தான் ஒரே மணலில் சேர்ந்து கிடக்கின்றன. பிரித்தெடுக்கவும் கரைப்பானில் திரும்பத் திரும்பப் பல கட்டம் ஓட்ட வேண்டியிருக்கிறது.