படம் மட்டும் வந்த பழைய ரூபாய்: பதில் சொல்வது எப்படி?

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. உள்ளங்கையில் கறுத்துப்போன நாணயம், கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. இது என்னவென்று கேட்கிறாரா, என்ன விலை போகும் என்று கேட்கிறாரா, எப்படித் துலக்குவது என்று கேட்கிறாரா? தெரியாது. எதுவானாலும் பதிலை இந்த வரிசையில் சொல்லுங்கள்.

படி 1: துலக்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். மற்ற இரண்டும் நாளைக்குக்கூடக் காத்திருக்கும். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் கை நேராக விபூதிக்கோ பற்பசைக்கோ போகும். வெள்ளிக் கிண்ணத்துக்கு அது சரி. நாணயத்தில் மயிரிழைக் கீறல்கள் விழும்; விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாலே ஒரே திசையில் பளபளவென்று தெரியும். சேகரிப்பவர் அதைப் பார்த்ததும் விலையைக் குறைத்துவிடுவார், அந்தக் கீறலைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம், இருந்துவிட்டுப் போகட்டும். மண் ஒட்டியிருந்தால் மட்டும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

படி 2: மூன்று படங்களும் எடையும் கேளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னலோர வெளிச்சத்தில். எடையை நகைக்கடைத் தராசில் பார்க்கச் சொல்லலாம்.

படி 3: அடையாளம். முடிசூடிய அரசியின் முகம், ஆங்கிலத்தில் ‘விக்டோரியா குயின்’, பின்பக்கம் 1862 என்று வைத்துக்கொள்வோம். 1877 முதல் ‘குயின்’ போய் ‘எம்ப்ரஸ்’ வந்துவிடும். ஆனால் 1862 என்றிருப்பதாலேயே அந்த வருடம் அடித்தது என்று சொல்லிவிடாதீர்கள். 1874 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். பின்பக்கம் ஆண்டின் மேலும் கீழும் உள்ள பொடிப்பொடிப் புள்ளிகளை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள். மங்கலான படத்தில் அவை தெரியாது. அப்போது "விக்டோரியா ரூபாய், வகை தெரியவில்லை" என்று சொல்வதே நேர்மை.

எடை 11.66 கிராம் இருக்க வேண்டும். புழக்கத்தில் தேய்ந்தது கொஞ்சம் குறையலாம். 10 கிராம்தான் என்றால் சந்தேகப்படுங்கள். காந்தம் இழுத்தால் வெள்ளி இல்லை. இழுக்காததால் மட்டும் அசல் ஆகிவிடாது, செம்பையும் காந்தம் இழுக்காது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அது வார்ப்புப் போலி.

படி 4: விலை. அடிமட்டக் கணக்கு மட்டும் சொல்லுங்கள். இந்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம். அதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் கிடைப்பது தேய்மானத்தையும் புள்ளி வகையையும் பொறுத்தது. விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். காசுமாலையில் கோத்த ரூபாய்களில் அது இருக்கும், சேகரிப்பவர் அதற்கு அதிகம் தரமாட்டார். இதையெல்லாம் பார்த்த பிறகும் தொகை கேட்டால், நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் வியாபாரிகள் இரண்டு பேரிடம் காட்டச் சொல்லுங்கள்.