ரூபாய் சரியும்போது வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகள் செய்யும் தவறுகள்

டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தது என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடினால், கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் பல வீடுகளில் அது நல்ல செய்தியாகவே கேட்கப்படுகிறது. வெளிநாட்டுக்குச் சபர் போன மகனோ கணவரோ அங்கே வாங்கும் சம்பளம் மாறவில்லை, இங்கே மட்டும் கூடுதல் ரூபாய் வரும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பாதிதான் சரி. மற்றப் பாதியைப் பார்க்காமல் எடுக்கும் முடிவுகளால், வெயிலில் நின்று சம்பாதித்த பணம் வட்டிக்கும் கட்டணத்துக்கும் போவதுதான் என்னை எழுத வைக்கிறது.

ரூபாய் ஏன் சரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதற்குப் பெரும்பாலும் டாலரில்தான் பணம் கொடுக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறினால் டாலரைத் தேடுவோர் கூடுகிறார்கள், டாலரின் விலை உயர்கிறது. அமெரிக்காவில் வட்டி உயர்ந்தாலும் இதேதான் நடக்கும். இங்கே பங்குச் சந்தையில் முதலீடு செய்த வெளிநாட்டினர் ரூபாயை விற்று டாலராக மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். 2022-இல் இரண்டும் சேர்ந்தே வந்தன. உக்ரைன் போர் தொடங்கியதும் எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது. அமெரிக்க மத்திய வங்கி பூஜ்யத்துக்கு அருகில் இருந்த வட்டியை அந்த ஆண்டு முடிவதற்குள் 4 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 74 ரூபாய் 50 பைசாவாக இருந்த டாலர், முடிவில் 83-ஐ நெருங்கியது. ரிசர்வ் வங்கி தன் கையிருப்பிலிருந்து டாலரை விற்றுச் சரிவின் வேகத்தைக் குறைத்தது. ரிசர்வ் வங்கியால் வேகத்தைத்தான் குறைக்க முடியும், திசையை நெடுநாள் மாற்ற முடியாது.

டாலர் செய்தியைத் தன் வீட்டுச் செய்தியாக எடுத்துக்கொள்வது

ஒரே தெருவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டு மகன் துபாயில், இன்னொரு வீட்டு மகன் மலேசியாவில். ஒருவர் 2,000 திர்ஹம் அனுப்புகிறார், மற்றவர் 2,000 ரிங்கிட் அனுப்புகிறார். 2022 ஜனவரியையும் 2024 பிப்ரவரியையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் டாலர் 74 ரூபாய் 50 பைசாவிலிருந்து ஏறத்தாழ 83 ரூபாய்க்கு வந்திருந்தது.

திர்ஹத்தின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது மாறவில்லை. சவூதி ரியாலும் அப்படித்தான், ஒரு டாலருக்கு 3.75. ஆகவே டாலரின் ரூபாய் விலையை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹத்தின் விலை கிடைத்துவிடும். முதலில் சுமார் 20 ரூபாய் 30 பைசா, பிறகு சுமார் 22 ரூபாய் 55 பைசா. துபாய்க்காரர் வீட்டுக்கு 40,600 வந்த இடத்தில் 45,100 வந்தது. மாதம் 4,500 ரூபாய் கூடுதல்.

ரிங்கிட் அப்படிக் கட்டப்பட்டதல்ல. 2005-இல் டாலரோடு இருந்த கட்டை மலேசியா அவிழ்த்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட், 1998 ஆசிய நெருக்கடிக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியிருந்தது; 4.18 ரிங்கிட்டுக்குக் கிடைத்த டாலர் 4.80-ஐத் தொட்டது. ரூபாய் சரிந்ததைவிட ரிங்கிட் அதிகமாகச் சரிந்துவிட்டது. ஒரு ரிங்கிட் சுமார் 17 ரூபாய் 80 பைசாவிலிருந்து 17 ரூபாய் 35 பைசாவாகக் குறைந்தது. மலேசியாக்காரர் வீட்டுக்கு மாதம் 900 ரூபாய் குறைவாகவே வந்தது. “எல்லார் வீட்டுக்கும் கூடுதலாக வருகிறதே, நீ ஏன் குறைத்து அனுப்புகிறாய்?” என்று அந்த மகனிடம் கேட்பது எவ்வளவு அநியாயம்! அவர் அனுப்பிய ரிங்கிட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை.

மலேசியா, சிங்கப்பூர் பணத்தை நம்பியிருக்கும் வீடுகள் டாலர் செய்தியைக் கண்டு மனைக்கு முன்பணம் கொடுப்பது, கொத்தனாருக்கு வாக்குக் கொடுப்பது போன்றவற்றைச் செய்யக் கூடாது. அந்த நாட்டுப் பணத்துக்கும் ரூபாய்க்கும் நேரடியாக உள்ள விலையைத்தான் பார்க்க வேண்டும். குவைத் தினாரும் டாலரை மட்டும் பிடித்துக்கொண்டு போவதில்லை. பல நாட்டுப் பணங்களைச் சேர்த்து அதன் மதிப்பை வைக்கிறார்கள்.

கூடுதல் ரூபாயை அப்படியே லாபம் என்று எண்ணுவது

துபாய்க்காரர் வீட்டுக்கு வந்த 4,500 ரூபாய் முழு லாபமா? அதை எதற்குச் செலவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

மகள் கல்யாணத்துக்குப் பவுன் சேர்க்கும் வீடாக இருந்தால் லாபம் எதுவும் இல்லை. உலகச் சந்தையில் தங்கத்தின் விலை டாலரில் இருக்கிறது. ஒரு கிராம் 60 டாலர் என்று வைத்துக்கொண்டால், 1,000 திர்ஹம் என்பது 272 டாலர், அதற்குச் சுமார் நாலரை கிராம் கிடைக்கும். ரூபாய் 74-இல் இருந்தாலும் 83-இல் இருந்தாலும் அதே நாலரை கிராம்தான். வரும் ரூபாய் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பவுன் விலையும் கூடியிருக்கும். சில சமயம் நிலைமை இதைவிட மோசம். 2022 ஜூலையில், தங்கத்துக்காக நாட்டை விட்டு வெளியேறும் டாலரைக் குறைக்க, மத்திய அரசு தங்கத்தின் இறக்குமதி வரியை 10.75 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது. ரூபாய் சரிவினால் கூடுதல் பணம் வந்த அதே மாதங்களில், பவுன் விலையில் இந்த வரிச் சுமையும் சேர்ந்தது. 2024 ஜூலையில்தான் அந்த வரி 6 சதவீதமாகக் குறைந்தது.

சமையல் எண்ணெயிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. இந்தியா பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. டீசல் விலை ஏறினால் பாம்பன், மண்டபத்து விசைப்படகுகளின் செலவு ஏறும், அது மீன் விலையிலும் ஓரளவு தெரியும். இவை ஒரே நாளில் ஏறுவதில்லை என்பதால், கூடுதல் பணம் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, விலைவாசி பின்னால் வருகிறது. இடையில் உள்ள அந்தச் சில மாதங்களில்தான் வீட்டுச் செலவைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

லாபம் உண்மையாகவே நிற்கும் இடமும் உண்டு. ரூபாயில் வாங்கிய பழைய கடன்தான் அது. வங்கியில் வீட்டுக் கடனும் நகைக்கடனும் ரூபாயில் எழுதப்பட்டவை; ரூபாய் சரிந்ததற்காக அசல் கூடுவதில்லை. மூன்று லட்ச ரூபாய்க் கடனை அடைக்க, திர்ஹம் 20.30-இல் இருந்தபோது ஏறத்தாழ 14,780 திர்ஹம் வேண்டும், 22.55-இல் 13,300 போதும். கூடுதலாக வரும் மாதப் பணத்தைக் கடனின் அசலில் கட்டுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

இன்னும் ஏறும் என்று காத்திருப்பது

இதுதான் அதிகம் நடக்கிறது. அங்கே பணத்தை வைத்துக்கொண்டு, இங்கே வீட்டுச் செலவுக்குக் கைமாற்றோ அடகோ வாங்கச் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2,000 திர்ஹம் அனுப்பும்போது, திர்ஹத்துக்கு 20 பைசா கூடினால் கிடைப்பது 400 ரூபாய். அதற்காக ஒரு மாதம் 40,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால் வட்டி 800 ரூபாய். ஒரு வட்டிக்கே கிடைத்தாலும் 400 போய், கையில் ஒன்றும் மிஞ்சாது.

அந்த 20 பைசாவும் நினைத்த மாதத்தில் வருவதில்லை. திர்ஹம் 20 பைசா ஏற, டாலர் 73 பைசா ஏற வேண்டும். 2023 தொடங்கும்போது டாலர் சுமார் 82 ரூபாய் 70 பைசா, முடியும்போது சுமார் 83 ரூபாய் 20 பைசா. முழு ஆண்டில் ஏறியது ஐம்பது பைசாதான். இடையில் ஜனவரியிலேயே ரூபாய் வலுப்பெற்று, டாலர் 81-க்கு அருகில் வந்தது. புத்தாண்டில் “இன்னும் ஏறட்டும்” என்று இருந்தவருக்கு அந்த மாதம் இழப்புதான்.

2013-இல் நடந்தது இதைவிடக் கடுமை. அமெரிக்க மத்திய வங்கி மாதந்தோறும் சந்தையில் இறக்கிவந்த பணத்தைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சால், ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாய் 80 பைசாவைத் தொட்டது. 70-ஐத் தாண்டும் என்று எங்கும் பேச்சு. செப்டம்பர் தொடக்கத்தில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநரானார்; வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் வைப்புகளை ஈர்க்க வங்கிகளுக்குச் சலுகை தரப்பட்டது. அக்டோபரில் டாலர் 62-க்குக் கீழேயும் வந்தது. திர்ஹம் 18 ரூபாய் 70 பைசாவிலிருந்து 17-க்குக் கீழே. 70-க்காகக் காத்திருந்தவர் ஒவ்வொரு 1,000 திர்ஹத்திலும் ஏறத்தாழ 1,900 ரூபாயை விட்டார்.

மாதச் செலவுக்கான பணத்தைச் சம்பளம் வந்த வாரமே அனுப்பிவிட வேண்டும். அவசரம் இல்லாத சேமிப்பு தனியாக இருந்தால், அதை இரண்டு மூன்று தவணையாக அனுப்பலாம். ஒரே நாளின் விலையில் எல்லாம் மாட்டாது. விலை உச்சத்தில் இருக்கிறது என்று அங்கே கடன் வாங்கி இங்கே அனுப்புவது கூடவே கூடாது. அந்தக் கடனைத் திர்ஹத்தில்தான் அடைக்க வேண்டும். ரூபாய் எவ்வளவு சரிந்தாலும் அதன் பாரம் குறையாது.

விலை ஏறும் நாட்களில், வங்கியைத் தவிர்த்துப் பணம் சேர்க்கும் உண்டியல்காரர்களும் ஆசை காட்டுவார்கள், திர்ஹத்துக்கு முப்பது பைசா கூடத் தருகிறேன் என்பார்கள். அது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது; சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பணம் யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து வரும். அது மோசடிப் பணமாக இருந்து புகார் பதிவானால், வாங்கியவரின் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். அப்போது பள்ளிக் கட்டணம் கட்டக்கூடப் பணம் எடுக்க முடியாமல் அலைய வேண்டிவரும்.

திரையில் தெரியும் விலையை நம்புவது

செல்போனில் தேடினால் வரும் விலை, பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி. பணம் அனுப்பும் நிறுவனங்கள் அதிலிருந்து கொஞ்சம் குறைத்தே தருகின்றன, அதற்கு மேல் கட்டணமும் உண்டு. ஓர் இடத்தில் கட்டணம் 20 திர்ஹம், விலை 22 ரூபாய் 50 பைசா. இன்னோர் இடத்தில் கட்டணம் இல்லை, விலை 22 ரூபாய் 30 பைசா என்று வைப்போம். 2,000 திர்ஹம் அனுப்பினால் முதல் இடத்தில் 44,550 ரூபாய், இரண்டாவதில் 44,600. ஏறக்குறைய சமம். 500 திர்ஹம் மட்டும் அனுப்பினால் முதல் இடத்தில் 10,800, இரண்டாவதில் 11,150. 5,000 அனுப்பினால் முதல் இடமே மேல். 550 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆகவே அனுப்புகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எல்லாம் போக, ஊரில் வங்கிக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?” அந்தத் தொகையை அனுப்பும் முன்பே வீட்டுக்குச் சொல்லிவிடட்டும். வந்த தொகை அதைவிடக் குறைந்தால், ரசீதோடு மறுநாளே அந்த நிறுவனத்தில் விசாரிக்கலாம்.